"பழக்கம் ஏதுமில்லீங்க"ன்னு சொல்றவர்கிட்ட ரெண்டு நிமிஷத்துல என்ன பேசறது?

தறிமேட்டு நர்ஸ் | ஜனவரி 7, இரவு 9.20

பள்ளிபாளையம் பக்கம் துணை சுகாதார நிலையத்துல நர்ஸா இருக்கேன். வீட்டுக்கு வீடு போனா பிபி, சுகர், மாத்திரை, ஆப்ல பதிவு. இதுக்கு நடுவுல புகையிலை பத்தி ரெண்டு நிமிஷம் பேசணும்னு பயிற்சியில சொன்னாங்க. கேளு, எடுத்துச் சொல்லு, விட உதவி பண்ணு, அவ்வளவுதான்.

எனக்குக் கேக்கற இடத்துலயே முடிஞ்சு போகுது. "பீடி சிகரெட் பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?" "ஏதுமில்லீங்க." அடுத்த வீடு. ஒரு தெரு முழுக்க இதே பதில். அதே தெரு முக்குல குப்பைத்தொட்டியப் பாத்தா வாயில வெக்கற ஹான்ஸ் புகையிலை பாக்கெட்டா கிடக்குது. இந்த ரெண்டு நிமிஷ சமாச்சாரம் டவுன் ஆஸ்பத்திரிக்கு வேணா சரிப்படும், தறிப்பட்டறைக்கு ஆகாதுன்னு எனக்குப் படுது. மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

பாவு ஓட்டி | ஜனவரி 7, இரவு 10.05

மேடம், தறிக்குள்ள எவன் பீடி பத்த வெப்பான்? பஞ்சு பறக்குது, ஒரு பொறி விழுந்தா பட்டறையே போச்சு. ஓனரு உள்ளயே விடமாட்டாரு. அதனாலதான் அத்தன பேரும் உதட்டுக்கடியில வெக்கறான். நீங்க பீடி குடிப்பியான்னு கேட்டா அவன் உண்மையத்தான் சொல்றான்.

பழைய விஎச்என் | ஜனவரி 8, காலை 6.15

பாவு ஓட்டி சொன்னதுல முக்கால்வாசி பதில் வந்துடுச்சு. நான் கோபி, அந்தியூர் பக்கமெல்லாம் கிராம சுகாதார நர்ஸா வேலை பாத்து ஓய்வு வாங்குனவ.

30 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு நோய் வர்ற வாய்ப்ப மார்க்குப் போட்டுப் பாக்க நிரப்பற சிபேக் படிவத்துல இந்தக் கேள்வி ஒழுங்காத்தான் இருக்குது. புகைக்கறதையும் குட்கா, கைனி மாதிரி வாயில போடறதையும் சேத்துத்தான் கேக்கச் சொல்லுது. எப்பவுமே இல்லைன்னா 0, முன்னால இருந்துச்சு இல்ல எப்பவாச்சும்னா 1, தினமும்னா 2. நாம அவசரத்துல பாதியத்தான் கேக்கறோம். வாயில போடறவர் அங்கயே நழுவிடறார்.

நம்ம ஊருல மட்டும் இல்ல இது. 2016-17ல எடுத்த தேசிய வயது வந்தோர் புகையிலைக் கணக்கெடுப்புல புகைக்கறவங்க 10.7 சதவீதம், புகையில்லாம வாயில போடறது, மூக்குல இழுக்கறதுன்னு இருக்கறவங்க 21.4. ரெண்டு மடங்கு. ஆனா டாக்டர், நர்ஸுன்னு யாரையாச்சும் பாக்கப் போனவங்கள்ல, "விட்டுடுங்க"ன்னு அறிவுரை கேட்டது புகைக்கறவங்கள்ல 48.8 சதவீதம், வாயில போடறவங்கள்ல 31.7தான். எச்சாப் பேருக்கு இருக்கற பழக்கத்துக்குக் கொறச்சலாப் பேசறோம்.

மாத்திரை அக்கா | ஜனவரி 8, மதியம் 1.40

நான் மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை குடுக்கற தன்னார்வலர். எனக்கு வேற பிரச்சன. மருமக பக்கத்துல நிக்கும்போது மாமனார் எப்படிங்க சொல்லுவாரு? மாமியார்க்காரிகிட்டக் கேட்டா "வெத்தல மட்டும்தான் அம்மணி"ங்கறாங்க. முந்தானையில போயல, அதான் புகையிலை, முடிஞ்சிருக்கறது எனக்குத் தெரியுது.

வெள்ளகோயில் | ஜனவரி 8, மாலை 5.30

குறுக்க வர்றேன், மன்னிக்கோணும். எங்க ஆத்தாளுக்கு எழுவது தாண்டிடுச்சு, வெத்தலையில போயல வெச்சுத்தான் மெல்லுது. இந்த வயசுல நிறுத்துனா உடம்பு தாங்காதுன்னு ஒறம்பரையெல்லாம் சொல்றாங்க. நிறுத்தறதுக்கு நர்ஸு ஊசி ஏதாச்சும் போடுவாங்களா?

பழைய விஎச்என் | ஜனவரி 8, இரவு 8.10

வெள்ளகோயில், ஊசியெல்லாம் கிடையாதுங்க. நிறுத்துனா ஆபத்துங்கறதும் இல்ல. கொஞ்ச நாளைக்கு எரிச்சல், தலவலி, தூக்கமின்மை, மலச்சிக்கல் வரும். அந்த மலச்சிக்கலத்தான் "உடம்பு தாங்கல"ன்னு சொல்லி மறுபடி ஆரம்பிக்கறாங்க. அதுக்குத் தண்ணியும் கீரையும் பழமும் போதும். மொதல்ல ஆத்தாகிட்டப் போயலய மட்டும் எடுக்கச் சொல்லுங்க.

மாத்திரை அக்காவுக்கு: பிபி பாக்கறது ஒரு நல்ல சாக்கு. பட்டை கட்டறதுக்கு முன்னால "கடைசி அரை மணி நேரத்துல டீ, காபி, பீடி, போயல, ஹான்ஸ் ஏதாச்சும் போட்டீங்களா? போட்டிருந்தா பிபி எச்சாக் காட்டும், கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம்"னு கேளுங்க. இது சாட்டுக்குச் சொல்றது இல்ல, உண்மையே அதுதான். நிக்கோட்டின் உள்ள போனா கொஞ்ச நேரத்துக்கு பிபி ஏறும். குத்தம் கண்டுபிடிக்கற கேள்வியா இல்லாம மிஷினுக்கான கேள்வியாப் போயிடறதால மாமனாரும் வாயத் திறப்பார். டீயோட சேத்துக் கேக்கறதுதான் சூட்சுமம்.

பாவு ஓட்டி | ஜனவரி 8, இரவு 10.50

அப்ப பிபிக்குக் காரணமே ஹான்ஸுதான். விட்டுட்டா மாத்திரையும் வேண்டாம். நம்ம ஆளுககிட்ட இதச் சொன்னா உடனே கேப்பானுங்க.

பழைய விஎச்என் | ஜனவரி 9, காலை 6.00

தம்பி, அதச் சொல்லிக் கெடுத்துடாதீங்க. போட்ட கொஞ்ச நேரத்துக்கு ஏறும்னு சொன்னேன், பிபி நோய்க்கு அது ஒண்ணுதான் காரணம்னு சொல்லல. விட்டாலும் மாத்திரைய நிறுத்தக்கூடாது. டாக்டர் பாத்துக் கொறச்சா உண்டு.

தறிமேட்டு நர்ஸ் | ஜனவரி 18, இரவு 9.45

பிபி சாக்குல கேட்டுப் பாத்தேன். வேலை செய்யுது. ஒருத்தரப் பத்தி மட்டும் எழுதறேன்.

வயசு 42. நைட் ஷிப்ட் தறி ஓட்டறவர். போன வருஷப் படிவத்துல புகையிலைக்கு 0. நான் படியேறும்போதே வாசல்ல போய்த் துப்பிட்டு வாயக் கொப்புளிச்சுட்டு வந்தார். பிபி 168/100. டீ, பீடி, போயல, ஹான்ஸுன்னு வரிசையாக் கேட்டேன். "ஹான்ஸ் இப்பத்தான் துப்புனனுங்க" ன்னார். அரை மணி நேரம் கழிச்சுத் திரும்ப வந்து பாத்தா 150/94. கொறஞ்சுது, ஆனா மாத்திரை வேண்டாங்கற அளவுக்கு இல்ல. அவர்கிட்ட ரெண்டு எண்ணையும் எழுதிக் காட்டினேன்.

அப்பறம் பேசுனது இவ்வளவுதான்:

"எத்தன வருஷமாங்கண்ணா?" "கல்யாணத்துக்கு முன்னாலருந்துங்க."
"காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல மொதல்ல போடுவீங்க?" "காலையில போடமாட்டனுங்க."

எனக்குச் சந்தோஷம். அடிமைத்தனம் கொறச்சல்னு நெனச்சுட்டேன். அப்பறம் அவங்க வீட்டம்மா உள்ளயிருந்து, "காலையிலதான இவரு தூங்கவே வர்றாரு, சாயங்காலம் கண்ணு முழிச்சதும் டீக்கு முன்னால அதுதான்"னு போட்டு ஒடச்சாங்க.

"இதப் போடறப்பல்லாம் கொஞ்ச நேரத்துக்கு பிபி ஏறுது. வாய்ப்புண்ணு, புத்துநோய்க்கும் இதுதான் வழி. இத விடறதுதான் நீங்க உடம்புக்குச் செய்யற பெரிய காரியம், விடறதுக்கு நான் கூட இருக்கேன்"னு சொன்னேன். "விடோணும்தாங்க"ன்னார். அங்க நின்னுட்டேன். கை குடுக்கறதுன்னா அதுக்கு மேல என்ன குடுக்கறது?

பழைய விஎச்என் | ஜனவரி 19, காலை 6.20

"காலையில"ன்னு கேக்காம "தூங்கி முழிச்சதும்"னு கேக்கணும். தறி, சாயப்பட்டறை, ஸ்பின்னிங் மில்லு, லாரி எல்லாத்துக்கும் அப்படித்தான். முழிச்ச அரை மணி நேரத்துக்குள்ள போட்டே ஆகணும்னா பிடிப்பு பலம்னு அர்த்தம். வெறும் மனவுறுதிய நம்பி விடச் சொன்னா மூணாம் நாள் மறுபடி ஆரம்பிச்சுடுவார்.

நீங்க பேசுனதுல ஒண்ணு நல்லாப் பிடிச்சுது. "நான் கூட இருக்கேன்"னீங்களே, அது. "உடம்புக்குக் கெடுதல், விடுங்க"ங்கறத விட "விடறதுக்கு இது இருக்குது, வேணுமா"ன்னு கேக்கறதுக்குத்தான் ஆளுக எச்சா முயற்சி பண்றாங்கன்னு வெளிநாட்டு ஆய்வுகள்ல பாத்திருக்காங்க. "விடோணும்"னு அவர் வாயில வந்ததும் கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: எந்த நாளு? அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள ஒரு நாள அவரே சொல்லணும். அது தறி லீவு நாளா இருந்தா நல்லது.

அப்பறம் அவர் பாக்கெட்டையே எடுக்கச் சொல்லுங்க. 2018லருந்து பாக்கெட்டுலயே 1800-11-2356ன்னு எண் போட்டிருக்கும். காசில்லாம பேசலாம், தமிழ்லயும் பேசுவாங்க. நீங்களே அவர் போன்ல போட்டுக் குடுத்துட்டு வாங்க. துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தா அது சட்டையோட ஊற வெக்கப் போயிடும்.

பாவு ஓட்டி | ஜனவரி 19, இரவு 11.15

நிக்கோட்டின் சூயிங்கம் இருக்குதுன்னு சொல்றாங்களே அது சுத்த ஏமாத்து. நான் வாங்கிப் போட்டேன். விக்கல் விக்கலா வந்துச்சு, நெஞ்சு எரிச்சல், வாயெல்லாம் காரம். ரெண்டே நாள்ல தூக்கிப் போட்டுட்டேன். அப்பறம் ஹான்ஸ விட்டுட்டு இப்ப வெறும் பாக்குதான். ஒரு தொந்தரவும் இல்ல.

பெருந்துறை பல்லு | ஜனவரி 20, காலை 10.30

பல் டாக்டர். பாவு ஓட்டி, விக்கல் வந்துச்சுன்னா நீங்க அத மிட்டாய்க்கடை பபிள்கம் மாதிரி மென்னு சாறு முழுங்கியிருக்கீங்க. அது மெல்லறதுக்கானது இல்ல. நாலஞ்சு தடவ மெதுவாக் கடிச்சு, காரமா சுருசுருன்னு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வெக்கணும். காரம் அடங்குனதும் மறுபடி கடிக்கணும், இடம் மாத்தி ஒதுக்கணும். அப்படி ஒரு அரை மணி நேரம். நிக்கோட்டின் வாய்ச் சதை வழியாத்தான் ரத்தத்துல சேரணும், வயித்துக்குப் போனா எரிச்சல்தான் மிச்சம். காபி, மோர், சோடா குடிச்ச கால்மணி நேரத்துக்குள்ள போட்டாலும் சரியா உறிஞ்சாது. உதட்டுக்கடியில ஒதுக்கிப் பழகுனவங்களுக்கு இந்த வித்தை சொல்லிக் குடுக்கவே வேண்டியதில்ல, "அங்க வெச்ச மாதிரி இதையும்"னா புரிஞ்சுக்குவாங்க.

2 மில்லிகிராம் மருந்துக்கடையில சீட்டில்லாமக் கிடைக்கும். முழிச்ச அரை மணி நேரத்துக்குள்ள போடற ஆளுக்கு வழக்கமா 4 மில்லிகிராம்தான் தொடக்கம், அதுக்கு டாக்டர் சீட்டு வேணும். ஆனா புகைக்கறவங்களுக்கு வேலை செய்யற அளவுக்கு வாயில போடறவங்களுக்கு இந்தச் சூயிங்கம் வேலை செய்யுதான்னு ஆதாரம் அவ்வளவு பலமா இல்ல. நான் குடுக்கறேன், ஆனா சத்தியம் பண்ணிக் குடுக்கமாட்டேன்.

பாக்கு விஷயம்: தொந்தரவு இல்லைன்னு நெனைக்காதீங்க. பாக்கு தனியாவே புத்துநோய் உண்டாக்கும்னு சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லயே வகைப்படுத்தியாச்சு. இப்ப ஒரு சோதனை: உங்க மூணு விரல நிமித்தி ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி வாய்க்குள்ள விடுங்க. நுழையுதா?

பாவு ஓட்டி | ஜனவரி 20, மதியம் 2.05

ரெண்டரை நுழையுது. காரம் தின்னாலும் எரியுது. அது அல்சர்னு நெனச்சேன்.

பெருந்துறை பல்லு | ஜனவரி 20, மதியம் 2.20

இந்த வாரமே பக்கத்துல இருக்கற அரசு ஆஸ்பத்திரி பல் பிரிவுக்குப் போங்க. பாக்க இன்னைக்கே நிறுத்துங்க. இதுக்கு மேல போன்ல பாத்துச் சொல்ல முடியாது.

வெள்ளகோயில் | ஜனவரி 20, இரவு 7.00

ஆத்தாளுக்கும் மூணு விரல் பாத்தேன், நுழையுது. ஆனா பல்லே இல்லீங்களே, கணக்குல வருமா?

பழைய விஎச்என் | ஜனவரி 20, இரவு 7.40

வராதுங்க :) பல்லில்லாத வாய்க்கு அந்த அளவு பொருந்தாது. வெள்ளையாவோ செவப்பாவோ திட்டு, ரெண்டு வாரமா ஆறாத புண்ணு இருக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க.

தறிமேட்டு நர்ஸ் | பிப்ரவரி 3, இரவு 9.10

அந்த 42 வயசுக்காரர் தொடர்ச்சி. மறுபடி போய் "எந்த நாளுங்கண்ணா"ன்னு கேட்டேன். சனிக்கிழமை கூலி வாங்கறப்பத்தான் மொத்தமாப் பாக்கெட் வாங்குவாராம். அதனால சனிக்கிழமை வாங்காம விட்டுட்டு ஞாயித்துக்கிழமையிலருந்துன்னு அவரே சொன்னார். தேதிய வீட்டம்மா காலண்டர்ல வட்டம் போட்டாங்க. எண்ண அவர் போன்ல போட்டோம். டாக்டர் 4 மில்லிகிராம் எழுதுனார், ஒதுக்கி வெக்கற விதத்தக் காட்டிக் குடுத்தேன்.

கீழ் உதட்டுக்கு உள்ள, வெக்கற எடத்துல தோலு வெளுத்துச் சுருங்குன மாதிரி இருக்குது. மூணு விரல் நல்லா நுழையுது. புண்ணு இல்ல. பல்லு டாக்டர், இது என்ன?

பெருந்துறை பல்லு | பிப்ரவரி 4, காலை 9.50

நேர்ல பாக்காம உறுதியாச் சொல்லக்கூடாது. வெக்கற எடத்துல மட்டும் அப்படிச் சுருங்கறது சகஜம், பழக்கத்த விட்டா சில வாரத்துல பெரும்பாலும் மறையும். ஒரு தடவ காட்டச் சொல்லுங்க. விட்டு ஒரு மாசம் கழிச்சும் அப்படியே இருந்தா சதை எடுத்துப் பாக்கணும். நடுவுல செவந்தாலோ புண்ணானாலோ ஒரு மாசம் காத்திருக்க வேண்டாம். புண்ணு வந்தா சூயிங்கம் வேண்டாம், தோல்ல ஒட்டற நிக்கோட்டின் பட்டைதான்.

பழைய விஎச்என் | பிப்ரவரி 4, மதியம் 12.30

வாயில போடறவர்கிட்ட 4 மில்லிகிராம்லயே ஆரம்பிக்கறதுல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான், பிபி இருக்கற ஆளு வேற. டாக்டர் பாத்து எழுதுனா சரி.

பெருந்துறை பல்லு | பிப்ரவரி 4, மதியம் 12.50

அவர் ஹான்ஸுல உறிஞ்சற நிக்கோட்டினும் கொஞ்சநஞ்சம் இல்லீங்க, அதோட நச்சும் சேந்துதான் வருது. நான் எழுதியிருப்பேன். உங்க தயக்கத்துலயும் நியாயம் இருக்குது, பிபிய அடிக்கடி பாக்கட்டும்.

சோமனூர் முதலாளி | பிப்ரவரி 4, இரவு 8.30

ஒரு ஆளுக்கு இம்புட்டு அமர்க்களமா? ரெண்டு நிமிஷம்னு ஆரம்பிச்சீங்க, ஒரு மாசமா எழுதறீங்க. நூறு பேருக்குச் சொன்னா எத்தன பேரு விடுவான்?

பழைய விஎச்என் | பிப்ரவரி 5, காலை 6.10

நியாயமான கேள்விங்க. யாரும் ஒண்ணும் சொல்லலைன்னாலும் நூத்துல ரெண்டு மூணு பேரு வருஷத்துல தானா விடறாங்க. சுருக்கமா அறிவுரை சொன்னா அதுக்கு மேல இன்னும் ஒண்ணுலருந்து மூணு பேரு. அம்புட்டுத்தான், இதுல பெரும பேச ஒண்ணுமில்ல. ஆனா ஒரு நர்ஸு எல்லையில 400 பேருக்குப் பழக்கம்னு வெச்சுக்குங்க. ஆளுக்கு ரெண்டு நிமிஷம்னா 800 நிமிஷம், பதிமூணு மணி நேரம் சொச்சம். வருஷத்துல ரெண்டு நாள் வேலை. அதுக்கு நாலுலருந்து பன்னெண்டு பேரு கூடுதலா விட்டா வேற எந்த வேலையில இந்த வரவு வரும்?

இந்த ஆளுக்கு எடுத்த நேரம் ரெண்டு நிமிஷத்துல அடங்காதுங்கறது வாஸ்தவம். எல்லாருக்கும் ரெண்டு நிமிஷம், நாள் குறிக்கறவருக்கு மட்டும் மேற்கொண்டு. "இப்ப முடியாது"ங்கறவர்கிட்ட "சரிங்க, அடுத்த தடவ கேக்கறேன்"னுட்டு நடையக் கட்டணும். பிரசங்கம் பண்ணுனா அடுத்த மாசம் கதவத் திறக்கமாட்டார்.

மாத்திரை அக்கா | பிப்ரவரி 5, மதியம் 2.15

மாசாமாசம் மாத்திரை குடுக்கப் போறப்ப விசாரிச்சாப் போதுமா?

பழைய விஎச்என் | பிப்ரவரி 5, இரவு 7.55

பத்தாதும்மா. மொத வாரத்துலதான் எச்சாப் பேரு வழுக்கறாங்க. மூணாம் நாள் ஒரு போன், ஏழாம் நாள் ஒரு போன். "விட்டீங்களா"ன்னு கேக்காதீங்க, "எந்த நேரத்துல கஷ்டமா இருக்குது"ன்னு கேளுங்க. ஆசை வந்து சில நிமிஷத்துல அடங்கும், அந்த நேரத்துல கையும் வாயும் என்ன செய்யோணும்னு அவரோட பேசி வெக்கணும்.

தறிமேட்டு நர்ஸ் | பிப்ரவரி 12, இரவு 10.00

மூணாம் நாள் போன் பண்ணேன். ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கம் சொக்குதாம், அப்பத்தான் ரொம்பக் கஷ்டம். தூங்காம இருக்கறதுக்கே போட்டுப் பழகியிருக்கார். பக்கத்துத் தறிக்காரர் வேற நீட்டறாராம். ரெண்டு மணிக்குன்னு ஒரு சூயிங்கம் தனியா எடுத்து வெக்கச் சொன்னேன், மொகம் கழுவிட்டுத் தண்ணி குடிக்கச் சொன்னேன். அஞ்சாம் நாள் ஒரு தடவ போட்டுட்டேன்னு அவராப் போன் பண்ணுனார். "ஒரு தடவதான, கணக்க அப்படியே தொடருங்க, புதுத் தேதி வேண்டாம்"னேன். சரியா?

பழைய விஎச்என் | பிப்ரவரி 13, காலை 6.05

சரி. தானாப் போன் பண்ணுனாரு பாருங்க, அதுவே பாதி வேலை. நீட்டற ஆளு யாருன்னு கேட்டு வெச்சுக்குங்க, அடுத்த ரெண்டு நிமிஷம் அவருக்கு.

பாவு ஓட்டி | பிப்ரவரி 21, இரவு 9.30

பல் பிரிவுக்குப் போனேன். நாரு கட்டியிருக்குதாம் வாய்க்குள்ள. மாத்திரையும் வாய்ப் பயிற்சியும் குடுத்திருக்காங்க, முழுசா பழையபடி ஆகாதுன்னுட்டாங்க. பாக்க விட்டாச்சு. சூயிங்கத்த மறுபடி முயற்சி பண்ணலாமான்னு கேட்டேன், வேண்டாம், பட்டை ஒட்டிக்கன்னாங்க. நம்ம பட்டறையில எல்லாருக்கும் மூணு விரல் பாத்தேன், ரெண்டு பேருக்கு நுழையல.

தறிமேட்டு நர்ஸ் | மார்ச் 9, இரவு 9.15

42 வயசுக்காரருக்கு ஒரு மாசம் ஆச்சு. உதட்டுத் தோலு பாதிக்கு மேல சரியாயிருக்குது, மிச்சத்துக்கு பல் டாக்டர் ரெண்டு வாரம் கழிச்சு வரச் சொல்லியிருக்கார். பிபி 138/88, மாத்திரை தொடருது. படிவத்துல இப்ப 1ன்னு போட்டேன். போன வருஷம் 0, இந்த வருஷம் 1, விட்டவருக்கு மார்க்கு ஏறியிருக்குதேன்னு மேலிருந்து கேட்டாங்க. பழசு தப்புன்னு குறிப்பு எழுதியாச்சு.

அடுத்த வாரம் சாயங்கால ஷிப்டுக்குப் பட்டறைக்கே போகலாம்னு இருக்கேன். பன்னெண்டு பேரு இருப்பாங்க. எல்லாரையும் ஒண்ணா நிக்க வெச்சுப் பேசவா?

பழைய விஎச்என் | மார்ச் 10, காலை 6.10

வேண்டாம். பிபி மிஷின ஓரமா வெச்சு ஒவ்வொருத்தராக் கூப்புடுங்க. முதலாளி இல்லாத நேரமாப் பாத்துப் போங்க.

சோமனூர் முதலாளி | மார்ச் 10, காலை 8.45

நான் இருந்தா என்னங்க?

பாவு ஓட்டி | மார்ச் 10, காலை 9.00

நீங்க இருந்தா அத்தன பேரும் 0தானுங்க.